120 அடிச் சுவருக்கு எத்தனை தூண்?

கே: 120 அடி நீளத்துக்கு காம்பவுண்ட் சுவர். பத்தடிக்கு ஒரு தூண். 12 தூணுக்குக் கம்பி வாங்கிவிட்டேன். கொத்தனார் 13 என்கிறார். ஏமாற்றுகிறாரா?
*(வாசகர், திருமங்கலம்)*

இல்லை. உங்களைக் கணக்கு ஏமாற்றுகிறது. 120-ஐ 10-ஆல் வகுத்தால் கிடைப்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. நேர்ச்சுவரில் இரண்டு முனையிலும் தூண் வேண்டும் என்பதால் ஒன்றைக் கூட்ட வேண்டும். மனையைச் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே முடியும் சுவருக்குத்தான் 12 போதும். அங்கே கடைசித் தூணே முதல் தூண்.

கே: அப்படியானால் அந்த 13-க்கும் சிமென்ட், கம்பி எவ்வளவு?
*(அதே வாசகர், அதே ஊர்)*

மண் கெட்டியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கடிக் குழி, அடியில் நான்கு அங்குல பெட் காங்கிரீட், அதன்மேல் இரண்டடிக்கு இரண்டடி, ஓரடிக் கனத்தில் ஃபுட்டிங். அதிலிருந்து 9 அங்குலச் சதுரத் தூண் எட்டடி எழும்புகிறது. அதில் ஐந்தடிக்குச் சற்று மேல் வெளியே தெரியும்.

ஃபுட்டிங் ஒன்றுக்கு 4 கன அடி, தூணுக்கு நாலரை. ஆக எட்டரை. 13-க்கு 110 கன அடி, அதாவது 3 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் 25 மூட்டை சிமென்ட், 46 கன அடி எம்-சாண்ட், 93 கன அடி முக்கால் ஜல்லி பிடிக்கும். பெட்டுக்குத் தனியாக 3 மூட்டை. தூண்களைக் கோக்கும் பிளிந்த் பீம் இதில் சேரவில்லை.

கம்பியில் ஓர் அழகு உண்டு. தூணுக்கு 12 எம்.எம். கம்பி நான்கு. எட்டடித் தூண், ஃபுட்டிங்குக்குள் இறங்கும் பகுதி, அடியில் ஓரடி மடக்கு எல்லாம் சேர்த்தால் ஒன்று பத்தடிக்குச் சற்றுக் குறைவு. கடையில் கிடைக்கும் 12 மீட்டர் முழுக் கம்பியை நான்காக வெட்டினால் ஒரு தூண் முடிந்தது; துண்டு மிஞ்சாது. ஆகவே 13 முழுக் கம்பி, 139 கிலோ. ஆறங்குலத்துக்கு ஒன்றாக 8 எம்.எம். ரிங்குகள் 69 கிலோ. ஃபுட்டிங் வலைக்கு 10 எம்.எம். கம்பி 49 கிலோ. சேதாரத்தோடு 270 கிலோ என்று வாங்குங்கள்.

கே: கம்பி கட்டுபவர் எட்டங்குல ரிங் போட்டால் தூண் பலமாக இருக்கும் என்கிறார்.
*(வாசகி, பொள்ளாச்சி)*

ஒன்பது அங்குலத் தூணில் எட்டங்குல ரிங் போட்டால் பக்கத்துக்கு அரை அங்குலம்தான் காங்கிரீட். ஈரம் உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துத் தூணைப் பிளக்கும். சில ஆண்டுகளில் மூலையோரம் நெட்டுக்குத்தாக ஒரு விரிசல் ஓடினால், ரிங் பெரிதாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பூச்சு பூசி மறைத்தாலும் அது திரும்ப வரும். தூணுக்கு 40 எம்.எம். கவர் தேவை, ரிங் ஆறங்குலம். சென்ட்ரிங் அடிப்பதற்கு முன் நீங்களே கவர் பிளாக்கை எண்ணிப் பாருங்கள். ஜல்லியைப் பொறுக்கி அடைக்கொடுப்பது கவர் பிளாக் ஆகாது.

கே: பதினைந்தடிக்கு ஒரு தூண் போட்டால் மிச்சமாகுமே?
*(வாசகர், தேனி)*

மிச்சமாகும். நான்கு தூண் குறையும்: எட்டு மூட்டை சிமென்ட், 80 கிலோ கம்பி. அந்தத் தொகையைப் பத்திரமாக வையுங்கள், ஆடிக் காற்றில் சாய்ந்த சுவரைத் திரும்பக் கட்ட உதவும். நாலரை அங்குலச் சுவருக்கு நான் பத்தடியைத் தாண்டமாட்டேன்.

கே: எங்கள் மண் கரிசல். இதே அளவு போதுமா?
*(வாசகர், விருதுநகர்)*

போதாது. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், தூணை ஏற்றி இறக்கும். நான்கடி அங்கே ஆழமே அல்ல. பொறியாளரைக் கூப்பிட்டுக் குழியைக் காட்டுங்கள். மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்கும் இதே பதில்தான்.

கே: கலவை இறுகலாக இருக்கிறதென்று கொத்தனார் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்.
*(வாசகி, மன்னார்குடி)*

மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் வரை. அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிமென்ட்டைப் பலவீனமாக்குகிறது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். அவருக்கு அவ்வளவு தாராள மனசு இருந்தால் சென்ட்ரிங் பிரித்த பிறகு காட்டட்டும்: சாக்கைச் சுற்றிப் பத்து நாள் நனைக்கச் சொல்லுங்கள்.

கே: 13 ராசியில்லாத எண் என்று வீட்டில் மறுக்கிறார்கள்.
*(மறுபடியும் திருமங்கலம்!)*

ஒரு தூண் கூட்டி 14 ஆக்குங்கள்; இடைவெளி 9 அடி 3 அங்குலமாகும். சுவருக்குக் கெடுதல் இல்லை. மேலும் இரண்டு மூட்டை சிமென்ட்டும் 20 கிலோ கம்பியும் வாங்கிக்கொள்ளுங்கள்.