அறுபத்து நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்குவது எப்படி?

நாளை காலை யூனிட் மாறுகிறது. 11 வருட மனநோய் வரலாறு உள்ள தறிக்காரர் ஒருவரின் ஃபைலைப் புது டாக்டர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஃபைலில் 64 பக்கம், உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு பக்கம், மணியோ இரவு ஒன்பதரை. பயப்படாதீர்கள், நீங்கள் ஏற்கெனவே செய்வதைத்தான் சொல்லித்தரப்போகிறேன்.

1. ஃபைலைப் பின்னாலிருந்து திறக்காதீர்கள். முதல் பக்கத்தில் ஆரம்பித்து, பிரசவம் சுகமா, எத்தனை மாதத்தில் நடந்தார், ஏழாம் வகுப்பில் எத்தனை பாடத்தில் தவறினார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அரைப் பக்கம் தானே நிறையும். போன வாரம் அவருக்கு என்ன ஆனது என்பதற்கு இடமில்லாமல் போனால் அது காகிதத்தின் குற்றம்.

2. மருந்துப் பெயர்களை வரிசையாக எழுதி, கடைசியில் 'பலனில்லை' என்று முடியுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை நாள் சாப்பிட்டார் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். தேடினால் வம்பு. 12ஆம் பக்கத்தில் ரிஸ்பெரிடோன் 4 மி.கி. ஒன்பதே நாள் என்று இருக்கும். 37ஆம் பக்கத்தில் சமூகப்பணியாளர் ஒருவர் பென்சிலில் எழுதியிருப்பார்: 'ஓலான்சபின் போட்டால் தறியில் தூங்கி விழுகிறாராம். நைட் ஷிஃப்ட் உள்ள நாளில் போடுவதில்லை.' ஒரு மருந்து தோற்றது என்று சொல்ல, போதுமான அளவில் ஆறு வாரமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். அப்படி இரண்டு மருந்து தோற்ற பிறகுதான் க்ளோசபின். உங்களுக்கு முன்னால் சுருக்கம் எழுதியவர் 'இரண்டும் பலனில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நம்மவர் க்ளோசபினுக்கு வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான். நல்லவேளையாக அது கேட்டது. பென்சில் குறிப்பை மட்டும் 'மருந்துக்கு ஒத்துழைக்காதவர்' என்று மொழிபெயர்த்துவிடுங்கள். இடமும் மிச்சம், பழியும் அவர் மேல்.

3. சிவப்பு மையில் இருப்பதையெல்லாம் நம்புங்கள். அட்டையில் 'ஹாலோபெரிடால் அலர்ஜி' என்று இருக்கிறதா? அப்படியே எடுத்து எழுதுங்கள். 2014இல் ஊசி போட்ட மறுநாள் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகி, புரோமெத்தசின் ஊசிக்குப் பிறகு அரை மணியில் சரியானது என்பது உள்ளே இருக்கிறது. அது அலர்ஜி இல்லை, தசை இறுக்கம்; துணை மாத்திரை சேர்த்தால் தடுக்கலாம். அதை எழுதினால் அடுத்த அவசர ராத்திரியில் டாக்டருக்கு ஒரு வழி கூடுதலாகக் கிடைக்கும். எதற்கு அவருக்கு அந்தக் குழப்பம்?

4. இந்தப் படி ரொம்ப முக்கியம். 'க்ளோசபின் 300 மி.கி. தொடரவும்' என்று எழுதுங்கள். தேதி போடவே போடாதீர்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் மாத்திரை தீர்ந்து நாலு நாள் சாப்பிடவில்லை என்று நேற்று அவருடைய அம்மா வராந்தாவில் சொன்னார், நீங்களும் தலையாட்டினீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வருபவருக்கும் தெரியும். நாலு நாள் விட்டுப்போனதுதான் தெரியாது. உங்கள் வரியை நம்பி 300 எழுதுவார். ராத்திரி கழிவறைக்கு எழுந்தவர் பிரஷர் இறங்கி வாசற்படியில் விழுவார். தையல் போடுவது கேஷுவாலிட்டி வேலை, உங்கள் பக்கத்தில் வராது. கடைசியாக வெள்ளணு எண்ணிக்கை பார்த்தது எப்போது என்பதையும் விட்டுவிடுங்கள். ரத்தம் எடுக்கப் பக்கத்திலேயே லேப் இருக்கிறது.

5. தற்கொலை முயற்சிக்கு ஒரு கூட்டல் குறி போதும். 2019இல், டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாள், மூன்று ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்கா மகனிடம் கொடுத்தார். இதை எழுதினால், இன்னொரு தடவை அவர் கடிகாரத்தைக் கழற்றும்போது யாராவது கவனித்துவிடுவார்கள்.

6. 'தெரியவில்லை' என்று எங்கேயும் எழுதாதீர்கள். நோயின் பெயர் ஃபைலில் மூன்று தடவை மாறியிருந்தால், கடைசியாக இருப்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். யார் மாற்றினார், எதைப் பார்த்து மாற்றினார் என்பது வரலாற்றாசிரியர்களுக்கு.

7. கையெழுத்துப் போடுங்கள், உங்கள் போன் நம்பர் வேண்டாம். அம்மாவின் நம்பரும் வேண்டாம். அந்த அம்மாவுக்குப் பெரிய பெரிய வார்த்தை தெரியாது. எந்த மாத்திரை எந்தக் கிழமை நின்றது என்பதுதான் தெரியும்.

முடிந்தது. பக்கத்தை முன்னால் செருகி, ஃபைலைக் கட்டி அனுப்புங்கள். பின்னால் இருக்கும் 64 பக்கத்தை இனி யாரும் திறக்கமாட்டார்கள். அந்த அம்மா மட்டும் காலை ஏழு மணியிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், புது டாக்டர் ஏதாவது கேட்பாரென்று.