‘இலவச ரிட்டன்’ பிரிவு மேலாளர் அவர்களுக்கு

பெறுநர்: மேலாளர் அவர்கள், இலவச ரிட்டன் பிரிவு, ஒரு பெரிய இணைய அங்காடி.
அனுப்புநர்: உங்கள் தளத்தில் சுடிதார் விற்கும் ஒரு சிறு வியாபாரி, கோவில்பட்டி.
பொருள்: தங்கள் வள்ளல்தன்மைக்கு ஆகும் செலவைத் துணி விலையில் சேர்த்துவிட்டது குறித்து.

மதிப்பிற்குரிய அய்யா,

“பிடிக்கவில்லையா? திருப்பி அனுப்புங்கள். முற்றிலும் இலவசம்!” என்று எங்கள் சுடிதார் படத்துக்குக் கீழே நீங்கள் பச்சை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மனம் குளிர்ந்தேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. நெய் யாருடையது என்று யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கணக்கை ஒப்படைப்பது என் கடமை.

புதியம்புத்தூரில் தைத்து வாங்கும் சுடிதார் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் 300 ரூபாய். கவரும் லேபிளும் 10. பார்சல் போய்ச் சேர 60. எனக்கு லாபம் 50. மொத்தம் 420. உங்கள் கமிஷன் 8 சதவீதத்துக்கு இடம் விட்டால் விலை 456.50 ஆகும். 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 479. யாருமே எதையும் திருப்பி அனுப்பாத ஒரு சொர்க்கத்தில் இந்தச் சுடிதார் இந்த விலைக்குக் கிடைக்கும்.

நீங்கள் எங்களைச் சொர்க்கத்தில் வைக்கவில்லை. 100 பார்சல் அனுப்பினால் 25 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போன கூலி 60 வீண். வந்த கூலி 90 என் கணக்கில் கழிகிறது. தேய்த்து மடித்துப் புதுக் கவர் போட 15. ஆக 165. அந்த 25-இல் ஐந்து உருப்படி சென்ட் வாசனையுடனோ கழுத்தில் பவுடர் கறையுடனோ வரும். அவற்றைப் புதிதென்று விற்க என் மனசாட்சி விடாது. சந்தையில் 120 ரூபாய்க்குத் தள்ளினால் ஒன்றுக்கு 180 நஷ்டம். எல்லாம் கூட்டினால் 5,025 ரூபாய்.

இதை யார் தலையில் கட்டுவது? 100-ஆல் வகுத்து, ஒரு துணிக்கு 50 ரூபாய் ஏற்றினால் போதும் என்றுதான் யாரும் சொல்வார்கள். அப்படி ஏற்றிய வியாபாரி மாதக் கடைசியில் 1,200 ரூபாய்க்கு மேல் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பார். காரணம் எளிது. திருப்பி அனுப்பிய 25 பேரும் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் விலையில் ஏற்றிய 50 ரூபாயும் அவர்களோடேயே போய்விட்டது. செலவைச் சுமக்க மிஞ்சியிருப்பது துணியை வைத்துக்கொண்ட 75 பேர் மட்டும். 5,025-ஐ 75-ஆல் வகுக்க வேண்டும்: தலைக்கு 67 ரூபாய்.

அந்த 67-இன் மேலும் உங்கள் கமிஷன் விழுகிறது, அதன் மேல் ஜி.எஸ்.டி. விழுகிறது. 479-க்கு விற்க வேண்டிய சுடிதார் 556-இல் போய் நிற்கிறது. திருப்பி அனுப்பும் செலவிலும் கமிஷன் எடுக்கும் தங்கள் நிர்வாகத் திறமையைப் பாராட்டச் சொற்கள் இல்லை. கழுகுமலையில் ஒரு பெண் ஒரே ஒரு சுடிதாரை அளந்து பார்த்து வாங்கி, பத்திரமாக உடுத்திக்கொள்கிறார். எங்கோ ஒருவர் மூன்று சைஸ் வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அனுப்பிவிடுகிறார். முன்னவர் தரும் 77 ரூபாயில்தான் பின்னவரின் ‘இலவசம்’ ஓடுகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. ரிட்டன் 25-இலிருந்து 40 ஆனால், ஏற்ற வேண்டிய தொகை 67-இலிருந்து 134 ஆகிறது. சரிபாதி திரும்பினால் 201. திருப்புகிறவர்கள் கூடக்கூடச் சுமக்கிறவர்கள் குறைகிறார்கள் அல்லவா? விலை ஏறினால் வாங்குகிறவரின் எதிர்பார்ப்பும் ஏறும். “இந்த விலைக்கு இந்தத் துணியா?” என்று இன்னும் நாலு பார்சல் திரும்பும். விலையை ஏற்றியே ரிட்டனை வெல்லப் பார்க்கிறவன், தன் நிழலைத் தாண்டி ஓடப் பார்க்கிறவன்தான்.

ஆகவே விலையை ஏற்றும் முன் வந்த பார்சல்களைத் தரம் பிரிக்கிறோம். ஒரே சைஸில் குவிந்து வந்தால் அளவுப் பட்டியலில் கோளாறு. ஒரு தையல்காரரின் ‘எம்’ இன்னொருவரின் ‘எல்’. மார்பளவை அங்குலத்தில் போட்டால் பாதி அடங்கும். ஒரே நிறத்தில் எல்லா சைஸும் வந்தால் குற்றவாளி படம். அரக்கு நிறம் விளக்கொளியில் சிவப்பாகியிருக்கும். கவரே பிரிக்காமல் வந்தால் துணியில் குறையில்லை. கேஷ் ஆன் டெலிவரியில் வாசலோடு திரும்பியது. மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. நீங்களோ மூன்றையும் ‘ரிட்டன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே சதவீதமாக அனுப்பிவைக்கிறீர்கள்.

அந்தச் சராசரியை நம்பினால் வேறு ஆபத்து. நான் நைட்டியும் விற்கிறேன். தொளதொளவென்று இருக்கும் அது அதிகம் திரும்பாது. உடம்போடு ஒட்டும் சுடிதார்தான் திரும்பும். சுடிதாரின் சுமையை நைட்டி மேலும் ஏற்றினால் நைட்டி வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். கடைசியில் என்னிடம் தங்குவது திரும்பி வரும் சரக்கு மட்டும். தீபாவளியில் இன்னொரு கண்கட்டு வித்தை. பண்டிகைக்கு முன் விற்பனை அமோகம், கையில் லாபம். ரிட்டன் மூட்டை வந்து சேர்வதோ கார்த்திகையில். அந்தந்த மாத வரவைப் பார்க்காமல், எந்த வாரம் அனுப்பிய சரக்கில் எத்தனை திரும்பியது என்று பார்த்தால்தான் லாபம் லாபம்தானா என்று தெரியும்.

எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் இருபது சேலை பிரித்துக் காட்டுகிறார்களே, அந்த மடிப்புக் கூலியும் விலைக்குள்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரர் மடிக்கும் ஆளுக்குத் தானே சம்பளம் கொடுக்கிறார். சேலை பிரிக்க இலவசம் என்று வாசலில் பலகையும் வைப்பதில்லை.

வழியில்லாமலும் இல்லை. மீஷோவில் ஒரே துணிக்கு இரண்டு விலை காட்டுகிறார்கள்: எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான பொருளோ பழுதான பொருளோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. பிரிட்டனில் ஸாரா 2022-இல் இணையத்தில் வாங்கியதைப் பார்சலில் திருப்ப 1.95 பவுண்டு வாங்கத் தொடங்கியது; கடைக்கே கொண்டுவந்து கொடுத்தால் கட்டணம் இல்லை. இரண்டிலும் திருப்பும் உரிமை வேண்டுகிறவருக்கு அப்படியே இருக்கிறது. அதன் விலை மட்டும் வெளியே தெரிகிறது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. பில்லில் ஒரு வரி சேர்க்கவும்: “பிறர் திருப்பி அனுப்பிய வகையில் தங்கள் அன்பளிப்பு: ரூ. 77.”

2. அந்த வரியைக் காட்டக் கூச்சமாக இருந்தால், திருப்பும் உரிமை வேண்டாதவருக்குக் குறைந்த விலையில் விற்க எங்களை அனுமதிக்கவும். தவறான சரக்கு அனுப்பினால் செலவு என்னுடையது. அதில் பேச்சே இல்லை.

3. இரண்டும் முடியாதென்றால், ‘இலவசம்’ என்ற பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கம்பெனி பெயரை எடுத்துவிட்டுக் கழுகுமலைப் பெண்ணின் பெயரைப் போடவும். தானம் செய்கிறவர் அவர்தான்.

இக்கடிதம் பிடிக்காவிட்டால் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். கூலி தங்களைச் சேர்ந்தது.

இப்படிக்கு,
தங்கள் தளத்தில் நான்கு நட்சத்திரம் பெற்ற ஒரு வியாபாரி
கோவில்பட்டி