மறதிக்கும் ஒரு திசை உண்டு

இன்டீரியர் டிசைனரை அடையாளம் காண்பது எளிது. கையில் லேசர் அளவுமானி, கக்கத்தில் லேமினேட் மாதிரிப் புத்தகம், வாயில் ‘நம்ம வீடு சார்’. இருபது வருடம் வீட்டுக்கடன் கட்டப்போகிறவர் வேறொருவர் என்பது அந்த ‘நம்ம’வில் கரைந்துபோகும். இவருடைய ஞாபகசக்தி அபாரமானது. முதல் சந்திப்பில் வீட்டம்மா போகிற போக்கில் பூஜை அலமாரிக் கதவில் மணி வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னதும், அது கோட்டேஷனில் இல்லாததும், மணி எத்தனை என்பதும் ஆறு மாதம் கழித்தும் மறக்காது. மறந்துபோவது ஒன்றே ஒன்றுதான். ‘மாசக் கடைசிக்குள்ள பண்ணிட்டீங்கன்னா பழைய ரேட் சார், ஸ்லாட் பிளாக் பண்ண ஒரு டோக்கன் மட்டும் ஜிபே பண்ணிடுங்க’ என்று சொல்லி வாங்கினாரே, அந்த 25,000 ரூபாய்.

மறதி மனித இயல்புதானே என்று இரக்கப்படத் தோன்றும். ஆனால் உண்மையான மறதிக்குக் கட்சி கிடையாது. மறதிக்காரர் ஒருவர் பத்து பில் போட்டால், நாலைந்தில் தனக்கு வரவேண்டியதையும் விட்டிருக்க வேண்டும். நம்மவரின் இறுதி பில்லில் ஒரு கைப்பிடியோ ஒரு கீலோ விட்டுப்போவது அபூர்வம். தவறு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால், கோளாறு தராசில் இருக்கிறது. இவரைத் திருடர் என்று சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலும் அப்படி இல்லை. டோக்கன் தானாகவே காணாமல் போகும்படி அமைந்த ஒரு கணக்கு முறைக்குள் இவர் சௌகரியமாகக் குடியிருக்கிறார், அதைத் திருத்த அவருக்கு எந்த அவசரமும் இல்லை என்பதுதான் என் கட்சி.

அந்த முறையை ஒரு உதாரணக் கணக்கில் பார்க்கலாம். இரண்டு படுக்கையறை வீடு. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் எல்லாம் சேர்த்து, பேரம் முடிந்து 6,00,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 1,08,000. ஆக மொத்தம் 7,08,000. ஆர்டர் உறுதியாகும்போது 50 சதவீதம், ஃபேக்டரியிலிருந்து சரக்கு கிளம்பும் முன் 40, சாவி கொடுக்கும்போது 10 என்று தவணை. அதாவது 3,54,000, பிறகு 2,83,200, கடைசியில் 70,800. கூட்டிப் பாருங்கள், சரியாக 7,08,000 வரும். சூட்சுமம் அந்தச் ‘சரியாக’வில்தான் இருக்கிறது. 50, 40, 10 மூன்றும் சேர்ந்தாலே நூறு ஆகிவிடுகிறது. டோக்கனுக்கு உள்ளே உட்கார இடமே இல்லை. பந்தி முடிந்து வந்த விருந்தாளி மாதிரி நூற்றுக்கு வெளியே நிற்கிறது. கடைசி பில்லில் லாஃப்ட்டுக்குப் போட்ட கூடுதல் கதவு 10,000, அதற்கு வரி 1,800 என்று சேர்ந்து, 70,800 என்பது 82,600 ஆகும். டோக்கனைக் கழித்திருந்தால் 57,600தான். கூடுதல் கதவு தேதி வாரியாக ஏறியிருக்கும். கழிக்க வேண்டியதற்கு ஒரு வரிகூட இருக்காது. பில்லைப் படிக்கிறவரும் கதவு விலை நியாயமா என்று ஆராய்வாரே தவிர, பில்லில் இல்லாத வரியைத் தேடமாட்டார்.

கேட்டுவிட்டால் மூன்று பதில்கள் வரும். முதலாவது, ‘டோக்கன் நான்-ரீஃபண்டபிள் சார், கோட்டேஷன்லயே போட்டிருக்கோம்.’ திருப்பித் தருவது வேறு, கழித்துக்கொள்வது வேறு. வேலையே வேண்டாம் என்று வாடிக்கையாளர் பின்வாங்கினால் டோக்கனை வைத்துக்கொள்ளலாமா என்பது தனி வழக்கு. வேலையை முழுதாகச் செய்து, முழுக்காசும் வாங்கிய பிறகு அந்த வாசகத்துக்கு வேலையில்லை. இரண்டாவது, ‘அது டிசைன் ஃபீஸ்ல போயிடுச்சு சார்.’ வரைபடத்துக்குக் கட்டணம் வாங்குவதில் தவறே இல்லை. மூளைக்கும் கூலி உண்டு. ஆனால் அந்தப் பெயரை வாங்கின அன்றே வைத்திருக்க வேண்டும். ஜனவரியில் டோக்கனாகப் பிறந்த பணத்துக்கு ஜூலையில் டிசைன் ஃபீஸ் என்று பெயர்சூட்டு விழா நடத்தினால், அந்த 25,000க்குத் தனி இன்வாய்ஸ் எங்கே என்ற கேள்வி வரும். மூன்றாவது, ‘எக்ஸ்ட்ரா வொர்க்ல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு.’ ஆகியிருந்தால் பில்லில் கூடுதல் வேலை ஒரு பக்கமும் டோக்கன் மறுபக்கமும் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு இரண்டும் சரியாகிப் போய்விட்டன என்பது, பந்தயத்தில் ஒரே குதிரையை ஓடவிட்டு ‘டை’ என்று அறிவிப்பது போல.

இவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பல சமயம் டோக்கனை வாங்கியவர் சேல்ஸ் பையன். போனது அவருடைய செல்பேசி எண்ணுக்கு. அப்போது கோட்டேஷனே இறுதியாகவில்லை, ஆகவே அந்தப் பணத்துக்கு ஆர்டர் எண் இல்லை. பில் போடும் அக்கவுண்டன்டுக்கு முன்னால் இருப்பது இறுதிக் கோட்டேஷன் மட்டும். அதற்குள் சேல்ஸ் பையன் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நம்பும்படியான விளக்கம்தான். ஆனால் வாடிக்கையாளரிடம் ‘நம்ம வீடு’ என்று உறவு கொண்டாடியவர், தன் அக்கவுண்டன்டிடம் மட்டும் அந்நியராக இருப்பது எப்படி? பதிவு பெற்ற நிறுவனம் சேவைக்கு முன்பணம் வாங்கினால் ரிசீட் வவுச்சர் தர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. அந்தச் சீட்டு ஒன்று கிழிக்கப்பட்டிருந்தால், பையன் போனாலும் பணம் கம்பெனியிலேயே இருந்திருக்கும். சீட்டு இல்லாததுதான் மறதியின் ஆரம்பம்.

ஆகவே சாவி வாங்கும் நாளில் சண்டை போடுவதில் பயனில்லை. அன்று கிரகப்பிரவேசத்துக்கு ஐயர் வந்து உட்கார்ந்திருப்பார், 25,000க்காக யாரும் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கணக்கை நேர்செய்ய வேண்டிய இடம் முதல் தவணை. தவணைச் சதவீதங்களைக் கூட்டி, டோக்கனைச் சேர்க்காமலே நூறு வந்தால், 3,54,000 கேட்கும்போது 3,29,000 அனுப்பிவிட்டு, டோக்கன் கழித்தது என்று தேதியையும், ஜிபே ரசீதில் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணையும் வாட்ஸ்அப்பில் எழுதிவிடலாம். வேலை கிடைக்கும் ஆவலில் இருக்கும் அந்த வாரத்தில் எந்த டிசைனரும் ‘ஓகே சார்’ என்றுதான் பதில் போடுவார். அவருக்கும் அநியாயம் செய்ய வேண்டாம்: கழிப்பது வரி சேர்த்த மொத்தத்திலிருந்து இருக்கட்டும். வரிக்கு முன்னாலேயே கழித்தால், 25,000க்கான 4,500 ரூபாய் வரி அவர் தலையில் விழும்.

இது ஒன்றும் கடினமான கணக்கியல் அல்ல. தெருமுனைத் தையல்காரர் ரவிக்கைத் துணியில் குத்தும் துண்டுச் சீட்டைப் பாருங்கள். மொத்தம் 800, அட்வான்ஸ் 300, பாக்கி 500. மூன்றே வரி. நம்மவரோ கட்டாத வீட்டின் ஜன்னலில் மாலை வெயில் விழுவதையும், மேஜை மேல் பூச்சாடியின் நிழலையும் முப்பரிமாணப் படத்தில் தத்ரூபமாகக் காட்டக்கூடியவர். அந்தப் படத்தில் இல்லாத பொருளே கிடையாது. தையல்காரரின் சீட்டில் இருக்கும் அந்த நடு வரி மட்டும்தான் அவருக்கு இன்னும் வரைய வரவில்லை.