சாரத்திலிருந்து விழுந்த செங்கல்

கேள்வி: பக்கத்துக் கட்டடத்தில் புதுப்பிக்கும் வேலை. தெருவில் நிறுத்தியிருந்த என் கார்மேல் செங்கல் துண்டு விழுந்து கண்ணாடி விரிசல், பானெட்டில் பள்ளம். ஒப்பந்தக்காரர், "காத்து சார்" என்கிறார். கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: காற்று எல்லாத் தெருவிலும்தான் அடிக்கிறது, செங்கல் மழை அவர் சாரத்துக்குக் கீழே மட்டும்தான் பெய்கிறது! டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், விழுந்ததே அலட்சியத்துக்குச் சான்று என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பராமரித்தவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

துண்டுகளைக் கூட்டித் தள்ளாதீர்கள். நம்பர் பிளேட், செங்கல், மேலே வலை கட்டாத சாரம் மூன்றும் ஒரே படத்தில் விழட்டும். கடிதத்தில் தேதி, நேரம், இடம், சேதம், ஒர்க் ஷாப் எஸ்டிமேட் தொகை, பதிலுக்குப் பதினைந்து நாள் கெடு. இவை போதும், கோபம் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கட்டட உரிமையாளருக்கும் நகல் வையுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

இன்ஷூரன்ஸில் வாங்கிவிட்டால் அதே தொகையை ஒப்பந்தக்காரரிடம் திரும்பக் கேட்க முடியாது. கம்பெனி பிடித்த தேய்மானத்தையும் நீங்கள் இழக்கும் நோ க்ளெய்ம் போனஸையும் கேளுங்கள். கம்பெனிக்குத் தெரியாமல், "முழுத் தொகையும் பெற்றேன்" என்று அவரிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.