உப்பில் சோடியம் இல்லை

ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு, அதைத் தனிமங்களின் குறியீடுகளாகத் துண்டு போடுவது ஒரு விளையாட்டு. ஓர் எழுத்துகூட மிஞ்சக் கூடாது. அட்டவணையில் இல்லாத துண்டு ஒன்றுகூட வரக் கூடாது. விதி அவ்வளவுதான். KASU என்றால் K, As, U: பொட்டாசியம், ஆர்சனிக், யுரேனியம். ஒன்று தண்ணீரில் தீப்பிடிக்கும், ஒன்று விஷம், ஒன்று அணுகுண்டுச் சரக்கு. காசைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிவந்ததை அட்டவணையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் UPPU என்று எழுதினால் U, P, P, U. இரு கரையிலும் யுரேனியம், நடுவில் பாஸ்பரஸ். சோடியமும் இல்லை, குளோரினும் இல்லை. இதிலிருந்தே ஒன்று தெரிந்துவிடும்: வேதியியல் ஆய்வகத்தின் வாசல்படியைக்கூட மிதிக்காத விளையாட்டு இது. ஒரு சொல் இதில் தேறுவதும் தோற்பதும் அந்தச் சொல்லின் யோக்கியதையைப் பொறுத்ததல்ல. குறியீடுகளை வகுத்த குழுக்கள் எந்த ஆண்டு எந்த எழுத்தைக் கொடுத்தன, எதைப் பறித்தன என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி.

முதலில் துண்டு போடும் முறையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப்பேர் ஜெயிக்க வேண்டிய சொல்லையே தோற்கடித்துவிடுகிறார்கள். ஒற்றை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர் CHENNAI-யில் C, H என்று இரண்டடி வைத்ததும் E-யில் மாட்டிக்கொள்வார்; E என்று தனிக் குறியீடு கிடையாது. சரி, கிடைக்கும் இடத்திலெல்லாம் இரட்டை எழுத்தை முதலில் எடுப்போம் என்பவர் சென்னையில் தப்பித்துவிடுவார். PAL என்ற மூன்றெழுத்துப் பாலில் கவிழ்வார். Pa என்று புரோட்டாக்டினியத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் L அநாதை. P, Al என்று பிரித்திருந்தால் பாஸ்பரஸும் அலுமினியமுமாகப் பால் பொங்கியிருக்கும். ஆகவே பேராசையும் உதவாது, சிக்கனமும் உதவாது. உதவுவது கணக்குப்பிள்ளையின் பொறுமை. இடமிருந்து வலமாகப் போங்கள். ஒவ்வோர் எழுத்தின் முடிவிலும் ‘இதுவரை மிச்சமில்லாமல் வந்து சேர முடியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். முடியுமென்றால் அங்கே ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த புள்ளிக்கு ஓரெழுத்தோ ஈரெழுத்தோ பின்னால் பார்த்தால் போதும். சென்னையில் C-க்குப் பின் புள்ளி, H-க்குப் பின் புள்ளி. E-க்குப் பின்னாலும் புள்ளி, ஆனால் அது He வழியாக வந்தது. பிறகு N, அதன்பின் மறுபடி N. A-வை Na கரை சேர்க்கிறது, கடைசி I தானே நடந்து வருகிறது. C, He, N, Na, I. வேறு வழியே இல்லை. சென்னைக்குள் நுழைய ஒரே பாதைதான் என்றால் யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். PONNI-க்கோ நான்கு வழிகள்: முன்னால் Po அல்லது P, O, பின்னால் Ni அல்லது N, I. இரண்டும் இரண்டும் பெருக்க நான்கு. ஆற்றுக்கு அத்தனை வாய்க்கால் இருப்பது நியாயமே.

இனி, ஏன் நம் பெயர்களில் இத்தனை தோல்வி? 118 தனிமங்களில் ஒற்றை எழுத்துக் குறியீடு உள்ளவை 14தான். அவற்றில் A இல்லை, M இல்லை. A-வில் முடியும் ஈரெழுத்துக் குறியீடுகளோ எட்டே எட்டு: Na, Ca, Ga, Ba, La, Ta, Pa, Ra. எனவே NILA-வும் SITA-வும் தேறுகிறார்கள். KAVITHA, LATHA, UMA தோற்கிறார்கள். M-இல் தொடங்குவோர் நிலை இன்னும் மோசம். அதன்பின் உயிரெழுத்து வரும் குறியீடு Mo ஒன்றுதான். மாலாவுக்கும் மீனாவுக்கும் மதிக்கும் கதவைச் சாத்திவிட்டு மோகினியை உள்ளே விடும் அட்டவணை இது. J எங்குமே இல்லாததால் விஜய்களும் ராஜாக்களும் விண்ணப்பிக்கவே வேண்டாம். இந்த J-யின் கதை சுவையானது. 1869-இல் மெண்டலீவ் போட்ட அட்டவணையில் அயோடினுக்கு J என்றுதான் குறியீடு. பிறகு அது I ஆனது. குறியீடு கல்லில் பொறித்ததல்ல, கமிட்டி எழுதியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் பெரிய சாட்சி ஆர்கான். 1957 வரை அதன் குறியீடு வெறும் A. அந்த ஆண்டுதான் சர்வதேச வேதியியல் சங்கம் அதை Ar ஆக்கியது. 1956-இல் SIVA-வை S, I, V, A என்று அழகாக எழுதியிருக்கலாம். உஷாவும் கலாவும்கூடத் தேறியிருப்பார்கள். மறு ஆண்டே மூவரும் வெளியே. ஆனால் அதே கையெழுத்தில் KARTHIK உள்ளே வந்துவிட்டான்: K, Ar, Th, I, K. பழைய A இருந்தவரை அவனுக்கு வழி கிடையாது, ஏனென்றால் தனி R என்றொரு தனிமம் இல்லை. அப்பனைத் தள்ளிவிட்டு மகனைச் சேர்த்துக்கொண்ட தீர்மானம் அது. 2012-இல் 116ஆம் தனிமத்துக்கு லிவர்மோரியம் என்று பெயரிட்டு Lv கொடுத்தபோது SELVI-யும் SELVAM-உம் ஒரே நாளில் கரையேறினார்கள்: Se, Lv, I; Se, Lv, Am. அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் பெயரால் செல்வம் சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

‘எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போயிற்று’ என்று சிலர் சொல்வார்கள். எண்கணிதக்காரர் சொன்னாரென்று பெயரில் இன்னொரு A சேர்ப்பவர்கள் உள்ள ஊரில் இது பெரிய தடையல்ல. KANNAN தோற்றாலும் CANNAN தேறுவான்: Ca, N, Na, N. ஆனால் விடைக்கேற்பக் கேள்வியைத் திருத்துவது பரீட்சையல்ல. பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துத்தான் எழுத்து. ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் தலைப்பில் Br, Ba மட்டும் பச்சைக் கட்டத்தில் மின்னுகின்றனவே என்று இன்னொருவர் கேட்கலாம். மின்னாத மிச்சத்தைப் பாருங்கள்: BREAKING, BAD இரண்டுமே முழுசாகத் தேறாதவை. வேதியியல் ஆசிரியர்களின் ஆட்சேபம் கனமானது: ஹீலியம் எதனோடும் சேராது, அதைச் சென்னைக்குள் கட்டிப்போடலாமா என்பார்கள். கட்டிப்போடவில்லை, பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். ஆனால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் அவர்கள் சொல்வதே சட்டம். Co கோபால்ட், CO கார்பனும் ஆக்சிஜனும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் எது ஒரு துண்டு, எது இரண்டு என்று யாரும் சரிபார்க்க முடியாது.

தோற்றவர்களுக்கு வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. MURUGAN-ஐப் பாருங்கள்: Ru, Ga, N மூன்றும் தயார், Mu ஒன்றுதான் பாக்கி. புதுத் தனிமத்துக்குப் புராணப் பாத்திரத்தின் பெயர் வைக்கலாம் என்று விதியே இருக்கிறது. தோர் என்ற ஸ்காண்டிநேவியத் தெய்வம் தோரியத்தில் குடியிருப்பதால் முன்னுதாரணமும் உண்டு. பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவர்களுக்கு. ஆகவே பக்தர்கள் செய்ய வேண்டியது 119ஆம் தனிமத்தை உண்டாக்குவது மட்டுமே. அப்போதும் மியூவோனியம் என்ற அற்பாயுசு அணுவுக்கு Mu என்ற குறியீடு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது என்று கமிட்டி ஆட்சேபிக்கும். அதுவரை முருகனை எழுத நினைப்பவர்கள் கார்த்திக் என்று எழுதிக்கொள்ளட்டும். ஆள் ஒருவர்தான், 1957 முதல் அனுமதியும் உண்டு.