கடனுக்குத் தமிழ், கண்டிஷனுக்கு இங்கிலீஷ்

விளம்பர ஏஜென்சிக்காரர்களுக்குத் தமிழன் இரண்டே வகை. மாநகரத் தமிழன் இங்கிலீஷில்தான் செலவு செய்வான். சிற்றூர்த் தமிழன் தமிழில்தான் கடன் வாங்குவான். அதனால்தான் சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கு ஆங்கிலப் பலகை. ஊர்ப்பக்கம் நகைக்கடனுக்குத் தமிழ்ச் சுவர்.

அந்தமான் தமிழன்? அவன் எந்தக் கணக்கிலும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் 3.8 லட்சம் பேர். அதில் சுமார் 15 சதவீதம் தமிழைத் தாய்மொழி என்றவர்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியது அரசாங்கமே. ரப்பர் பால் எடுக்கத் தமிழன் வேண்டும். விளம்பரத்துக்கு மட்டும் வேண்டாம். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அந்த ஊர் அபர்தீன் பஜாருக்கு வாங்க வரும் தமிழனுக்கோ இன்னும் இந்தியும் இங்கிலீஷும்தான்.

ஏஜென்சிக்காரர்களைக் கேட்டால், "தமிழில் போட்டுப் பார்த்தோம் சார், ரெஸ்பான்ஸ் இல்லை" என்பார்கள். எப்படிப் போட்டார்கள்? கூகுள் விளம்பரத்தில் 2018 முதல் தமிழ் உண்டு. பிரசாரத்தின் மொழி என்ற இடத்தில் 'தமிழ்' ஒன்றை மட்டும் டிக் அடித்தார்கள். அது விளம்பரம் எழுதப்பட்ட மொழியைச் சொல்லும் இடமல்ல. பார்ப்பவரின் மொழியைச் சொல்லும் இடம். போனின் அமைப்பு, தேடும் சொற்கள் போன்றவற்றை வைத்து அந்த மொழியை கூகுள் கணிக்கிறது. அந்தமானின் ஹட் பேயில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் போன், வாங்கிய நாளிலிருந்து இங்கிலீஷில் கிடக்கிறது. தேடுவதும் ஆங்கில எழுத்தில். தமிழ் விளம்பரம் அவர் பக்கமே வராமல் போகலாம். வராத விருந்தாளி சாப்பிடவில்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள். அதற்கும் பில் வருகிறது!

ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமா? இரண்டு மொழியையும் டிக் செய்யுங்கள். ஒரே ஊர், ஒரே பணம், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கடைக்கு எத்தனை பேர் போன் போட்டார்கள் என்று எண்ணுங்கள். இன்னொன்றும் உண்டு. தீவிலேயே பிறந்த பிள்ளைகளில் சிலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். அவர்களுக்கு எழுத்து வேண்டாம், குரல் போதும். ஆனால் அதற்கு யோசிக்க வேண்டுமே!

2017-ல் கேபிஎம்ஜியும் கூகுளும் வெளியிட்ட ஆய்வில், இந்திய மொழிகளில் இணையம் பார்ப்பவர்களில் 88 சதவீதம் பேர், ஆங்கில விளம்பரத்தைவிடத் தாய்மொழி விளம்பரத்துக்கே அதிகம் செவிசாய்ப்போம் என்றார்கள். ஏஜென்சிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நகைக்கடன் விளம்பரத்தைப் பாருங்கள். 'உடனடிப் பணம்' தமிழில், ஆள் உயரத்துக்கு. வட்டி எப்போது ஏறும், நகை எப்போது ஏலம் போகும் என்பது மட்டும் இங்கிலீஷில், எறும்பு அளவுக்கு.

அடுத்த முறை கையெழுத்துக் கேட்டால், அந்த எறும்புகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நகையோடு வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள்.