கலிபோர்னியாவாசிகளுக்குச் சத்திரப்பட்டி தரும் உறுதிமொழி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓயாது. அங்கே நெய்கிற பேண்டேஜ் துணி உலகத்துக் காயங்களையெல்லாம் கட்டுகிறது. அந்தத் துணியை வாங்கி, வெளுத்து, சுருட்டி ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளிக்கு ரஷ்யச் சந்தையின் மேல் ஆசை வந்தது. ஆசை வந்தால் இணையதளம் வர வேண்டும். இணையதளம் வந்தால் அதன் அடியில் தனியுரிமைக் கொள்கையும் சேவை நிபந்தனைகளும் வர வேண்டும், அதுவும் ரஷ்ய மொழியில். வக்கீல் பாஷையில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே நடையில் இருக்கணும் என்று மாஸ்கோ ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டாராம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரஷ்ய மொழி தெரிந்த பாவத்துக்கு வேலை என்னிடம் வந்தது.

முதலில் ஆங்கில மூலத்தைப் படித்தேன். கலிபோர்னியாவாசிகளுக்கான சிறப்பு உரிமைகள் என்று ஒரு முழுப் பகுதி இருந்தது. தமிழ்நாடு அரசு முத்திரையில் எங்கள் ஊர்க் கோபுரம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து ஆலையின் மனசாட்சி மட்டும் கலிபோர்னியாவில் குடியிருக்கிறது! எந்த அமெரிக்கக் கம்பெனியின் பக்கத்திலிருந்து உருவினார்களோ, பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்தச் சேவையைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்தது. பேண்டேஜ் துணியைப் பொதி கணக்கில் வாங்க எந்தக் குழந்தை வருகிறதோ தெரியவில்லை.

அடுத்து, ஏற்கெனவே பாதி முடித்து வைத்திருந்த ரஷ்ய மொழிபெயர்ப்பு. அதில் மூன்று கை புகுந்திருந்தது. ரஷ்யாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய உறவுக்காரப் பையன் முதல் நாலு பக்கம். யாரோ ஒரு ஏஜென்சி அடுத்த ஆறு பக்கம். மிச்சம், ஏதோ ரஷ்யக் கம்பெனிப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியது. ஒரே வாடிக்கையாளர் முதல் பக்கத்தில் ‘நீ’, ஐந்தாம் பக்கத்தில் ‘தாங்கள்’, பதினோராம் பக்கத்தில் ‘பயனாளர்’. விளையாட்டில்லை இது. ஒப்பந்தத்தில் ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிட்டால், மூன்று பேர் இருப்பதாக வாதாட ஒரு வக்கீல் கிளம்புவார்.

“நடையை மட்டும் கொஞ்சம் சமன் பண்ணிக் குடுங்க அண்ணாச்சி, சட்டமெல்லாம் நாங்க பாத்துக்கிடுறோம்” என்றார் முதலாளி.

நடை வேறு, சட்டம் வேறு என்று நினைக்கிறார்கள். ரஷ்யாவின் தனிநபர் தரவுச் சட்டம் 2006 ஜூலை 27-இல் வந்தது. 152 என்ற எண்ணாலேயே அங்கே எல்லாரும் அதைச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் ‘கம்பெனி’ கிடையாது, ‘நாங்கள்’ கிடையாது. தரவைக் கையாள்பவர் ‘ஒபெராதர்’. யாருடைய தரவோ அவர் ‘சுப்யேக்த்’. ஆவணத்தின் தலைப்பே ‘தனியுரிமைக் கொள்கை’ அல்ல, ‘தனிநபர் தரவைக் கையாளுதல் தொடர்பான கொள்கை’. இந்தச் சொற்களைப் பட்டியலாக எழுதி, ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று பூட்டிவிட்டுத்தான் முதல் வாக்கியத்தைத் தொட வேண்டும். முடித்த பிறகு பூட்டாத சொல் ஒவ்வொன்றையும் கோப்பு முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். தேடினேன். ‘ஒபெராதர்’ ஏழாம் பக்கத்தில் காணாமல் போய் ‘எங்கள் அன்பான குழு’ ஆகியிருந்தார்.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த, உங்கள் தகவல்களை எங்கள் கூட்டாளிகளுடன் பகிரலாம்.’ ஆங்கிலத்தில் தாலாட்டு மாதிரி இருக்கும். ஏஜென்சி அதில் ‘பகிர’ என்பதற்கு ‘ராஸ்ப்ரஸ்த்ரனேனியே’ என்று கம்பீரமான ஒரு சொல்லைப் போட்டிருந்தது. காதுக்கு நல்ல சட்ட வாசனை. ஆனால் 152-ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதற்குப் பொருள் வரையறுத்திருக்கிறது: யாரென்று வரம்பில்லாத கூட்டத்துக்குத் தரவைத் திறந்துவிடுவது. அதாவது, ரஷ்ய மருத்துவமனைக்குத் துணி வாங்கித் தரும் ஆளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊருக்குத் தண்டோரா போடுவோம் என்று கம்பெனியே எழுத்துமூலம் அறிவித்திருக்கிறது. அப்படித் திறந்துவிட 2021 மார்ச் முதல் தனியாக ஒரு சம்மதம் வேறு வாங்க வேண்டும். குறிப்பிட்ட ஆளுக்குக் கொடுப்பதற்கு ‘ப்ரெதஸ்தவ்லேனியே’ என்று இன்னொரு சொல் அதே பிரிவிலேயே இருக்கிறது. அதைப் போட்டேன்.

போட்டதும் அடுத்த சங்கடம். அந்தக் குறிப்பிட்ட ஆள் யார்? முதலாளிக்குத் தெரியாது. ‘அனுபவத்தை மேம்படுத்த’ என்பதும் அங்கே நோக்கமாக நிற்காது. நோக்கம் திட்டவட்டமாக, முன்கூட்டியே சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது ஐந்தாம் பிரிவு. என்ன மேம்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். “அது இங்கிலீஷ்ல அப்டித்தான இருந்துச்சு?” என்றார்.

‘இந்தத் தளத்தைப் பயன்படுத்துவதாலேயே எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாகக் கருதப்படும்’ என்ற வரிதான் கிரீடம். எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் அது செத்த வரி. 2025 செப்டம்பர் 1 முதல் ரஷ்யாவில் சம்மதத்தை மற்ற ஆவணங்களிலிருந்து பிரித்துத் தனியாக வாங்க வேண்டும். நிபந்தனைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தால் செல்லாது. அதோடு, ரஷ்யக் குடிமக்களின் தரவை முதலில் பதிவு செய்வது ரஷ்ய மண்ணிலுள்ள சர்வரில்தான். 2016-இல் லிங்க்ட்இன் தடைபட்டதே இந்தக் காரணத்தால்தான். இவருடைய சர்வரோ மும்பையில். இதற்கு இலக்கணச் சுத்தமான ரஷ்ய வாக்கியம் எழுதித் தரலாம். அது ஒப்புதல் வாக்குமூலமாக நன்றாகப் பயன்படும்.

எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரஷ்ய அரசுக்குப் பயப்படத் தெரிந்தவர். வக்கீல் வைக்கிறேன், சர்வர் பார்க்கிறேன், படிவத்தில் தனிக் கட்டம் போடுகிறேன் என்று ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டார். கடல் தாண்டிய வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி எண்ணுக்கு இத்தனை பரிவு!

இதே முதலாளிக்கு உள்நாட்டு விற்பனைத் தளம் ஒன்றும் உண்டு. மருந்துக்கடைக்காரர்கள், நர்ஸிங் ஹோம்கள் என்று நம்மூர் ஆட்கள் பெயர், முகவரி, எண் கொடுத்து ஆர்டர் போடுகிறார்கள். அதற்கும் அதே கலிபோர்னியாக் கொள்கைதான், ஆங்கிலத்தில் மட்டும். 2023-இல் நம் நாடும் ஒரு தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. அந்த 22-இல் தமிழும் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். நம் அவகாசங்களுக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை.

சுருட்டும் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் தினமும் காலையில் எந்திரத்தில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பருத்தித் தூசியில் தேய்ந்த விரலை எந்திரம் மறுத்தால் மறுபடி மறுபடி அழுத்த வேண்டும். பதிவாகாவிட்டால் அரை நாள் கூலி போச்சு. அந்த ரேகை எங்கே போகிறது, எத்தனை வருடம் இருக்கும், வேலையை விட்டால் அழிப்பார்களா? ரஷ்ய ஆவணத்தில் ‘அழித்தல்’ பற்றி மட்டும் நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கம் என்றால் சம்மதமே கேட்க வேண்டியதில்லை என்று அதே இந்தியச் சட்டத்தின் ஏழாம் பிரிவு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சம்மதம் கேட்காத இடத்தில் அந்த அறிவிப்பும் இல்லை. கலிபோர்னியாவாசிக்கு உரிமை, மாஸ்கோவாசிக்குத் தனிக் கட்டம், சத்திரப்பட்டிக்காரிக்கு எந்திரம்.

கோப்பை ஒப்படைத்த அன்று, இதையே தமிழிலும் எழுதித் தரட்டுமா, காசு வேண்டாம் என்று கேட்டேன். முதலாளி உண்மையிலேயே குழம்பிப் போனார்.

“தமிழ்லயா? எதுக்கு அண்ணாச்சி? எழுதினா எல்லாரும் படிச்சிருவாங்களே.”